செயலி 'லேசானது' என்கிறது, பையன் இரவெல்லாம் சொறிகிறான்: கருத்த தோலில் இந்த முடிவை எப்படி எடுத்துக்கொள்வது?

மலர்விழி

என் மகனுக்கு ஏழு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான், அதாவது எக்ஸிமா. நன்றாகக் கறுத்த தோல் அவனுக்கு. படம் எடுத்துப் போட்டால் தோலை மதிப்பிட்டுச் சொல்லும் செயலி ஒன்றைக் கொஞ்ச நாளாகப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் "எக்ஸிமா, 91%, தீவிரம்: லேசானது" என்ற மாதிரிதான் வருகிறது. ஆனால் பையன் தூக்கத்தில் சொறிந்து சொறிந்து ரத்தம் வருகிறது. மடிப்பில் தோல் தடித்து, சாம்பல் கலந்த பழுப்பாகிவிட்டது.

என் தோழியின் மகளுக்கும் இதே பிரச்சினை. வெளுத்த நிறம். அவளுக்குப் பார்த்தால் சின்னத் திட்டுதான், அரிப்பும் குறைவு. அதே செயலி அவளுக்கு 'நடுத்தரம்' என்கிறது.

கருத்த தோலில் இவை சரியாக வேலை செய்யாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏன் அப்படி? 'லேசானது' என்பதை அப்படியே விட்டுவிடுவதா, அதில் ஏதாவது பயன் இருக்கிறதா? மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

பாரி

இது தெரிந்த கதைதான். செயலி எந்தப் படங்களைப் பார்த்துக் கற்றதோ அதைத்தான் அதற்குத் தெரியும். மச்சம், தோல் புற்று ஆராய்ச்சியில் அதிகம் புழங்கும் எச்ஏஎம்10000 தொகுப்பில் 10,015 படங்கள். எல்லாம் ஆஸ்திரியாவின் வியன்னாவிலும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் சேர்த்தவை. கருத்த தோல் அதில் எங்கே இருக்கும்? கருத்த தோல் படங்களைச் சேர்த்து மறுபடி பயிற்சி கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. வேறு மர்மம் எதுவும் இல்லை.

ரஹீம்_ஒளி

திருமணப் படம் எடுப்பது என் தொழில். என் அனுபவத்தில் சொல்கிறேன், பாதித் தவறு கேமராவில். வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் கையை வைத்து எடுத்தால் கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். அப்போது தோல் கறுப்புக் குழம்பாகப் போய்விடும். எடுத்த பிறகு திருத்தும் செயலியில் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டுப் போடுங்கள் மேடம், சரியாக வரும்.

இளவேனில்

தோல் படங்களை அளவிடும் ஆய்வுக் குழுவில் வேலை செய்கிறேன். படம் எடுப்பது, நிறத்தை அளப்பது, மருத்துவர்கள் கொடுக்கும் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது, இதுதான் தினசரி வேலை. பாரி சொல்வதும் ரஹீம் சார் சொல்வதும் உண்மை. ஆனால் மலர்விழியின் கேள்விக்கு முக்கியமான காரணம் இந்த இரண்டுக்கும் முன்னாலேயே, தோலுக்குள்ளேயே இருக்கிறது.

அழற்சி வந்தால் தோலின் அடியில் ரத்த ஓட்டம் கூடும். ரத்தம் பச்சை ஒளியை விழுங்கும், அதனால் அந்த இடம் சிவப்பாகத் தெரிகிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் இருப்பது அதற்கு மேலே, மேல்தோலில். கேமராவுக்கு வரும் ஒளி அந்த மெலனினை இரண்டு தடவை கடக்கிறது, உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள், யாருடைய தோலையும் அளந்தவை அல்ல. மெலனின் அடுக்கைப் போய்வரும் பச்சை ஒளியில் வெளுத்த தோலில் 80% மிஞ்சுகிறது, கருத்த தோலில் 15% என்று வைத்துக்கொள்வோம். அடியில் இருக்கும் அடுக்கு நலமாக இருந்தால் 50% ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அழற்சி வந்தால் 35%. இரண்டு பேருக்கும் அழற்சி ஒரே அளவு. இதோடு தோலின் மேற்பரப்புப் பளபளப்பு உள்ளே போகாமலே ஒரு 4% ஒளியைத் திருப்பிவிடுகிறது.

வெளுத்த தோலில் கேமராவுக்கு வருவது 44%. அழற்சி இருந்தால் 32%. கருத்த தோலில் 11.5%, அழற்சி இருந்தால் 9.25%. படக் கோப்பு ஒளியை நேர் விகிதத்தில் எழுதாது, இருண்ட பகுதிகளை உயர்த்தித்தான் பதியும். அந்த வழக்கமான முறையில் இதை 0 முதல் 255 வரையிலான எண்ணாக மாற்றினால், வெளுத்த தோலில் பச்சை எண் 177-இலிருந்து 153-க்கு இறங்குகிறது. கருத்த தோலில் 95-இலிருந்து 86-க்கு. ஒன்றில் 24 படி வித்தியாசம், இன்னொன்றில் 9.

முழங்கை மடிப்பு வளைவான இடம். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். அந்த நிழல் ஒன்றே பத்துப் படி வித்தியாசத்தைச் சுலபமாகக் கொண்டுவரும். போன் செய்யும் மென்மையாக்கலும் கோப்பைச் சுருக்குவதும் சேர்ந்தால் அந்த 9 படி காணாமலே போய்விடும். உங்கள் மகனின் படத்தில் செயலிக்குச் சிவப்புத் தெரியவில்லை. சிவப்பைப் பெரிதாக எடைபோடும் செயலி 'லேசானது' என்று சொல்வதில் வியப்பில்லை.

ரஹீம் சார், பின்னால் வெளிச்சத்தைக் கூட்டுவது உதவாது. 95-ஐயும் 86-ஐயும் சேர்த்துத்தான் உயர்த்துவீர்கள், கூடவே படத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும் இரைச்சலும் நிழலும் உயரும். எடுக்கும்போதே சரியாக எடுப்பது வேறு விஷயம், அதில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

ரஹீம்_ஒளி

புரிகிறது. அப்போது மங்கலான சாம்பல் துணியோ பழுப்புத் துணியோ பின்னணியாக வைத்து, திரையில் தோலின் மேல் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுக்கச் சொல்லலாமா?

இளவேனில்

அதேதான். ஃப்ளாஷ் வேண்டாம், அழகூட்டும் வடிகட்டிகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். களிம்பு தடவும் முன்பே எடுப்பது நல்லது. நான் சொன்ன 4% பளபளப்பு, எண்ணெய்ப் பசை இருந்தால் இன்னும் ஏறும். கருத்த தோலில் மொத்தமாகத் திரும்பி வருவதே 11.5% என்னும்போது அதில் 4% வெறும் பளபளப்பு, மூன்றில் ஒரு பங்கு! வெளுத்த தோலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

துரைப்பாண்டி

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எனக்கு 58 வயது. வலது கால் கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு, நீளவாக்கில். போன வருடம் மெல்லியதாக இருந்தது, இப்போது அகலமாகிவிட்டது. செயலியில் போட்டேன், "குறைந்த அபாயம்" என்று வந்தது. கருத்த தோலில் சிவப்புத் தெரியாது என்கிறீர்கள். என்னுடையது கறுப்புக் கோடுதானே, அது படத்தில் நன்றாகத் தெரிகிறது. அப்போது என் முடிவை நம்பலாம் அல்லவா?

நித்யா_டெர்ம்

ஐயா, தயவுசெய்து நம்பாதீர்கள். தோல் மருத்துவம் முதுகலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கேள்வி சிவப்பைப் பற்றியது அல்ல, அதனால் தனியாகவே சொல்கிறேன்.

கருத்த தோல் உள்ளவர்களுக்கு நகத்தில் கறுப்புக் கோடு வருவது சாதாரணம், பெரும்பாலும் பல விரல்களில் இருக்கும், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது ஒரே ஒரு நகத்தில் மட்டும் வந்து, அகலமாகிக்கொண்டே போகும் கோடு. கோட்டின் நிறம் நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் பரவியிருந்தால் இன்னும் அவசரம். நகம், உள்ளங்கால், உள்ளங்கை ஆகிய இடங்களில் வரும் மெலனோமா என்ற தோல் புற்று எல்லா நிறத்தவருக்கும் வரும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வருவதே அரிது, ஆனால் வந்தால் பெரும்பங்கு இந்த இடங்களில்தான் வருகிறது. பாரி சொன்ன மாதிரியான மச்சப் படங்களில் கற்ற செயலிக்கு நகம் அறிமுகமே இல்லாத இடமாக இருக்கலாம். தெரியாத இடத்தைப் பார்த்தாலும் அது "தெரியாது" என்று சொல்லாமல், தன்னிடம் இருக்கும் பெயர்களில் ஒன்றைத்தான் எடுத்து நீட்டும்.

அகலமாகியிருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அது போதும், செயலி என்ன சொன்னாலும் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் காலை நேரில் காட்டுங்கள்.

துரைப்பாண்டி

பக்கத்துத் தோலிலும் லேசாக நிறம் இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது அம்மா. நாளைக்கே போகிறேன்.

பாரி

@இளவேனில், கணக்கு அருமை. ஆனாலும் என் வாதம் நிற்கிறது. 2022-இல் ஸ்டான்ஃபோர்டு குழு டிடிஐ என்று ஒரு தொகுப்பு வெளியிட்டது. 656 படங்கள், எல்லாம் திசுப் பரிசோதனையில் உறுதியானவை, பல நிறத் தோல்களையும் வேண்டுமென்றே சேர்த்தவை. படம் பார்த்து நோய் சொல்லும் பெயர்பெற்ற கணினி மாதிரிகளை அதில் சோதித்தபோது கருத்த தோலில் தடுமாறின. அதே படங்களில் கொஞ்சம் கூடுதல் பயிற்சி கொடுத்ததும் அந்த இடைவெளி மூடியது. தரவுதான் மருந்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இளவேனில்

நல்ல சான்றுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கேட்ட கேள்வி, இந்தக் கட்டி புற்றா இல்லையா என்பது. அதற்குத் திசுப் பரிசோதனை விடை சொல்கிறது. யார் பார்த்தாலும் விடை மாறாது. மலர்விழியின் செயலி சொல்வது 'லேசானது', 'நடுத்தரம்'. இதற்குத் திசுப் பரிசோதனை கிடையாது. பயிற்சிப் படங்களுக்கு யாரோ மருத்துவர்கள் பார்த்துப் போட்ட மதிப்பெண்தான் விடை. அந்த மருத்துவர் கண்ணுக்கும் கருத்த தோலில் சிவப்புக் குறைவாகத்தான் தெரிந்திருக்கும். அப்படி மதிப்பிட்ட படங்களை லட்சக்கணக்கில் சேர்த்தாலும் செயலி அந்தக் குறைவான மதிப்பெண்ணையே இன்னும் துல்லியமாகக் கற்றுக்கொள்ளும். சோதனையிலும் நல்ல எண் வரும், ஏனென்றால் சோதனைக்கான விடைத்தாளும் அதே கண்ணால் எழுதியது.

நித்யா_டெர்ம்

இதை நான் வார்டில் தினம் பார்க்கிறேன். எக்ஸிமாவுக்கு ஈஏஎஸ்ஐ என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு. சிவப்பு, தடிப்பு, சொறிந்த காயம், தோல் முரடாகிப்போவது என்று நான்கு அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. சிவப்புக்கு 0 போட்டால் மொத்தமே இறங்கிவிடும். கருத்த தோலில் அழற்சி ஊதாவாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோதான் வரும். மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரிகளாகவும் வரலாம். எங்கள் ஆசிரியை எப்போதும் சொல்வார்: முதலில் கையை வை, அப்புறம் கண்ணால் பார். சூடு இருக்கிறதா, தடித்திருக்கிறதா, அதே பையனின் நலமான தோலோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். படத்துக்கு விரல் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அழற்சி ஆறிய பிறகு கருத்த தோலில் கறுப்புத் தழும்பு மாதங்கணக்கில் நிற்கும். அதைப் படம் எடுத்துப் போட்டால் சில செயலிகள் நோய் இன்னும் தீவிரமாக இருக்கிறது என்று காட்டும். அதாவது உண்மையில் எரியும்போது குறைத்தும் ஆறிய பிறகு கூட்டியும் சொல்ல வாய்ப்பு உண்டு. 'லேசானது' என்று வந்தால் எப்போதும் ஒரு படி ஏற்றி வாசித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள்.

மலர்விழி

கடைசியில் சொன்னது எனக்கு மிகவும் உதவும் நித்யா. ஒரு படி ஏற்றித்தான் வாசிக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மூன்று வாரம் நான் எதை வைத்துப் பார்ப்பது? கையை வைத்துப் பார்த்தேன். வலது மடிப்பு இடதைவிடச் சூடு, தோல் கெட்டியாக இருக்கிறது. ஆனால் இதை மருத்துவரிடம் எப்படி எண்ணாகச் சொல்வது?

இளவேனில்

நிறத்தைக் கேட்காத கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது, பெயர் போயம். ஏழே கேள்வி, கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. குழந்தைக்காகப் பெற்றோரே நிரப்பலாம். அரிப்பு, தூக்கம் கெட்டது, ரத்தம் கசிந்தது, நீர் வடிந்தது, வெடிப்பு, செதில் உதிர்வது, வறட்சி. ஒவ்வொன்றும் எத்தனை நாள் என்பதற்கு மதிப்பெண். ஒரு நாளும் இல்லை என்றால் 0, ஒன்றிரண்டு நாள் 1, மூன்று நான்கு நாள் 2, ஐந்தாறு நாள் 3, தினமும் 4. மொத்தம் 28. கூட்டியதில் 3 முதல் 7 வரை லேசானது, 8 முதல் 16 வரை நடுத்தரம், 17-இலிருந்து கடுமை. சொல்லுங்கள், போட்டுப் பார்ப்போம்.

மலர்விழி

அரிப்பு தினமும், 4. தூக்கம் கெட்டது ஆறு இரவு, 3. ரத்தம் இரண்டு நாள், 1. நீர் வடியவில்லை, 0. வெடிப்பு மூன்று நாள், 2. செதில் நான்கு நாள், 2. வறட்சி தினமும், 4. மொத்தம் 16.

இளவேனில்

நடுத்தரத்தின் உச்சி, கடுமைக்கு ஒரு புள்ளிதான் பாக்கி. செயலி சொன்ன 'லேசானது' படத்தைப் பற்றிய முடிவு, இந்த 16 பையனைப் பற்றியது. இரண்டும் மோதினால் நான் 16-ஐத்தான் எடுத்துக்கொள்வேன். வாரம் ஒரு முறை இதை எழுதி வையுங்கள். சந்திப்பை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று மருத்துவமனையில் கேளுங்கள், "அரிப்பால் ஆறு இரவு தூக்கமில்லை" என்ற வாக்கியத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

நித்யா_டெர்ம்

ஒரு எச்சரிக்கை. நீர் வடிய ஆரம்பித்தால், மஞ்சள் பொருக்குத் தட்டினால், காய்ச்சல் வந்தால், அல்லது ஒரே மாதிரிச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகத் திடீரென்று வந்து வலித்தால், மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். இதற்குச் செயலியில் படம் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஜெயந்தி_க

குறுக்கே வருகிறேன். அந்த 91% என்பது என்ன? நூற்றில் 91 பேருக்கு எக்ஸிமா என்று அர்த்தமா?

பாரி

இதை நான் சொல்கிறேன். செயலியிடம் சில நோய்ப் பெயர்களின் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 100-ஐ அந்தப் பெயர்களுக்குள் பங்கிட்டுக் கொடுக்கிறது. பட்டியலில் இல்லாத நோய்க்கு 0 கூடக் கிடையாது. 91 என்றால் பட்டியலில் இருக்கும் மற்ற பெயர்களைவிட இது அதிகம் ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். நூற்றில் 91 தடவை சரியாக வரும் என்று சொல்ல வேண்டுமானால் அதைத் தனியாகச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், அதுவும் உங்கள் நிறத் தோல் படங்களில். வெளுத்த தோலில் சரிபார்த்த 91, கருத்த தோலில் அதே 91 ஆக நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மலர்விழி அக்கா, அந்த 91 நோயின் பெயருக்கு மட்டும்தான். 'லேசானது' என்பதற்கு அது பொருந்தாது.

மலர்விழி

நான் அதை இரண்டுக்கும் சேர்த்து என்றே எடுத்துக்கொண்டேன். செயலியின் திரையில் இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன.

இன்னொன்று. தொடங்கும்போது "உங்கள் தோல் நிறத்தைத் தேர்வு செய்யுங்கள்" என்று ஆறு கட்டம் காட்டியது. ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதனால் கணக்கு மாறாதா?

பாரி

மாற வேண்டும். அதற்காகத்தானே கேட்கிறார்கள்.

நித்யா_டெர்ம்

எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. அந்த ஆறு வகைகள் 1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற மருத்துவர் ஒளிச் சிகிச்சையின் அளவை முடிவு செய்யக் கொண்டுவந்த முறையிலிருந்து வந்தவை. வெயிலில் தோல் எரியுமா, கறுக்குமா என்பதுதான் அங்கே கேள்வி. தொடக்கத்தில் வெளுத்த தோலுக்கு மட்டுமே வகைகள் இருந்தன, பழுப்பும் கறுப்பும் பிறகு ஐந்தாவது, ஆறாவது என்று சேர்ந்தன. உலகத்தில் இருக்கும் பழுப்பு நிறங்கள் அத்தனையையும் இரண்டு கட்டத்துக்குள் அடைத்துவிட்டு, அதை வைத்து அழற்சியைத் திருத்திவிட்டோம் என்றால் எப்படி? 2022-இல் கூகுள் வெளியிட்ட பத்து நிற மங்க் அளவுகோல் இதைவிடப் பரவாயில்லை.

பாரி

அளவுகோல் கரடுமுரடாக இருக்கலாம். ஆனாலும் செயலி எந்த நிறத்தில் எவ்வளவு தவறுகிறது என்று பிரித்துப் பார்க்கவாவது அது வேண்டும். நிறத்தையே கேட்காத செயலி அதன் மொத்தச் சராசரியை மட்டும் காட்டித் தப்பித்துவிடும்.

இளவேனில்

பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன் பாரி. நீங்கள் தேர்ந்தெடுக்கும் கட்டம் உங்கள் முடிவைத் திருத்துகிறதா, அல்லது நிறுவனம் பதிவுக்காக மட்டும் கேட்கிறதா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. மலர்விழி, ஒரே படத்தை இரண்டாவது கட்டத்தில் ஒரு தடவையும் ஐந்தாவது கட்டத்தில் ஒரு தடவையும் போட்டுப் பாருங்கள். முடிவு அப்படியே வந்தால் அந்தக் கட்டம் உங்களுக்கு எதுவும் செய்யவில்லை.

ஜெயந்தி_க

இதெல்லாம் சரி, மருத்துவர்கள் கையில் இந்தச் செயலி இருந்தால் அவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள் இல்லையா?

நித்யா_டெர்ம்

அப்படித்தான் நானும் எதிர்பார்த்தேன். 2024-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு அதற்கு மாறாக இருந்தது. படத்தை மட்டும் பார்த்து நோயைச் சொல்லச் சொன்னார்கள். தோல் நிபுணர்கள் 38%, பொது மருத்துவர்கள் 19% சரியாகச் சொன்னார்கள். கருத்த தோல் படங்களில் இரண்டு தரப்புக்கும் 4 புள்ளி குறைந்தது. கணினியின் யோசனையைக் காட்டியபோது எல்லாருக்குமே துல்லியம் கூடியது. ஆனால் பொது மருத்துவர்களிடம் வெளுத்த தோலுக்கும் கருத்த தோலுக்கும் இடையிலான இடைவெளி முன்பைவிட அகன்றுவிட்டது. எல்லாருக்கும் உதவியும் இடைவெளி அகன்றதைப் படித்தபோது மனது கனத்துப்போனது. ஏன் அப்படி ஆனது என்று எங்கள் துறையிலேயே இன்னும் விவாதம் நடக்கிறது.

மலர்விழி

இரண்டாவது கட்டம், ஐந்தாவது கட்டம் இரண்டிலும் போட்டேன். இரண்டு முறையும் 'லேசானது', 91%. ஒரு எண்கூட மாறவில்லை.

மருத்துவமனையில் பேசினேன், வரும் திங்களுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். செயலியின் முடிவுகளையும் கொண்டு போகவா, வேண்டாமா?

இளவேனில்

முடிவுகள் வேண்டாம், படங்கள் வேண்டும். ஒரே இடம், ஒரே தூரம், பகல் வெளிச்சம், களிம்புக்கு முன். நேராக ஒன்று, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒன்று. தடிப்பும் கீறலும் அந்தப் பக்க ஒளியில்தான் தெரியும். ஒவ்வொரு சட்டகத்திலும் மடிப்போடு சேர்த்து நலமான தோலும் கொஞ்சம் தெரிய வேண்டும். ஏழு கேள்வித் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கையை வைத்துப் பார்க்காமல் எழுத ஆரம்பித்தால், தொட்டுப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.

துரைப்பாண்டி

நான் போய்வந்தேன். நகத்தடியிலிருந்து சின்னத் துண்டு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர பத்து நாள் ஆகுமாம். அந்த மருத்துவர் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு பாதங்களின் அடியையும், பத்து விரல்களின் இடுக்குகளையும் பார்த்தார். நான் செயலியில் கட்டைவிரலை மட்டும்தான் போட்டிருந்தேன். கருத்த தோல் உள்ளவர்கள் உள்ளங்காலையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இங்கே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.